தோட்டம் கிரயம் ஆனபின் ஈபி சர்வீஸை உங்கள் பெயருக்கு மாற்றுவது: சாளை வீடும் கிணற்று மோட்டாரும்

தோட்டம் கிரயம் முடிந்ததும் எல்லோரும் பட்டா மாற்றத்துக்கு ஓடுவார்கள். ஈபி கார்டு மட்டும் பீரோவுக்குள் போய்விடும். கரண்ட் வருகிறது, யார் போய்க் கட்டினாலும் பில்லை வாங்கிக்கொள்கிறார்கள், அப்புறம் என்ன அவசரம் என்று தோன்றும். நான்கைந்து வருடம் கழித்து மோட்டாரின் எச்பியைக் கூட்டவோ, கிணறு வற்றி சர்வீஸை போர்வெல்லுக்கு மாற்றவோ செக்‌ஷன் ஆபீசுக்குப் போகும்போதுதான், "கார்டில் பெயர் இருக்கிறவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்பார்கள். அதற்குள் விற்றவர் திருப்பூருக்குக் குடிபோயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். கிரய நாளில் ஐந்து நிமிடத்தில் வாங்கியிருக்கக் கூடிய கையெழுத்துக்கு, பிறகு வாரிசுகள் நான்கு பேர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும்.

கொங்குப் பகுதியில் தோட்டம் வாங்குவதில் மிகவும் சிக்கலான வகை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறோம்: ஒரு சாளை வீடு, அதற்கு ஒரு வீட்டு இணைப்பு, பொதுக் கிணற்றில் பாதி பாகம், அதற்கு ஒரு விவசாய இணைப்பு. டவுனில் தனி வீடு வாங்கியவருக்கு இதில் வீட்டு இணைப்பைப் பற்றிய பகுதியே போதும்.

மின்வாரியம் உண்மையில் என்ன கேட்கிறது

நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வது மின்வாரியத்தின் வேலை அல்ல. அதன் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து உங்கள் பெயர் வரைக்கும் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு காகிதம் இருக்கிறதா என்று மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் கிரயப் பத்திரம் அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி. விற்றவர் பெயரிலேயே சர்வீஸ் இருந்தால் அந்த ஒரு கண்ணியே போதும். விற்றவரின் அப்பா பெயரிலோ, அவருக்கும் முன்பு விற்றவர் பெயரிலோ இருந்தால், இடையில் உள்ள கண்ணிகளையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். மனு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே முதல் வேலை, கார்டில் இருக்கும் பெயரைப் படிப்பது. விலை பேசி முன்பணம் கொடுக்கும் முன்பே படிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கிரயம்

பெருந்துறைப் பக்கம் 2 ஏக்கர் 40 சென்ட் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது, அதன் சர்வீஸ் விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. கிணற்றில் 5 எச்பி மோட்டார், அதன் சர்வீஸ் விற்பவரின் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா இறந்தபின் அண்ணன் தம்பி இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்திருக்கிறார்கள். பூமியைப் பிரித்துக்கொண்டார்கள், கிணறு, மோட்டார், சர்வீஸ் மூன்றையும் பொதுவில் வைத்து ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டார்கள். தம்பி இப்போது தன் பாகத்தை விற்கிறார். அண்ணன் பக்கத்து வயலில் இருக்கிறார், அதே மோட்டாரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்.

வீட்டு இணைப்புக்கு ஒரே கண்ணி. கிணற்று இணைப்பில் மூன்று கண்ணிகள்: அப்பாவின் இறப்பும் வாரிசுரிமையும், பாகப்பிரிவினை, உங்கள் கிரயம். அவற்றோடு நாலாவதாக ஒரு மனிதர் இருக்கிறார். உங்களுக்கு எதையும் விற்காத, ஆனால் அந்த சர்வீஸில் பாதி உரிமை உள்ள அண்ணன்.

முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் தாழ்வழுத்த இணைப்பு எண் ஒரு வரிசையில் அமைந்தது. முதல் இரண்டு இலக்கம் மண்டலம்: கோவை மண்டலம் என்றால் 03, ஈரோடு மண்டலம் என்றால் 04. அடுத்த மூன்று இலக்கம் பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், மிச்சம் உங்கள் சர்வீஸ் நம்பர். பழைய கார்டுகளில் கடைசி எண் மட்டும் எழுதியிருக்கும். முழு எண் தெரியாமல் எந்த மனுவும் நகராது, அதனால் கணக்கீட்டாளரிடமோ செக்‌ஷனிலோ கேட்டு முழு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை வைத்து வாரிய இணையதளத்தில் பில் நிலுவையைப் பாருங்கள். பூஜ்யம் என்று காட்டினால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். ஆடிட்டில் குறைவாக வசூலித்ததாகக் கண்டுபிடித்த தொகையோ, மின்திருட்டு அல்லது விதிமீறலுக்கு விதித்த தொகையோ சாதாரண பில் திரையில் தெரியாமல் இருக்கக்கூடும். செக்‌ஷனில் நேரில் போய், "இந்த நம்பருக்கு வேறு ஏதாவது பாக்கி, ஆட்சேபணை இருக்கிறதா" என்று கேட்டுவிடுவது நல்லது. பழைய உரிமையாளரின் பாக்கி அவரோடு போய்விடும் என்று நினைப்பது தவறு. கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது: விநியோக விதிகளில் இடம் இருந்தால், அந்த இடத்தின் பழைய பாக்கியை வாங்கியவரிடம் கேட்கலாம். பாக்கி இருப்பது தெரிந்தால் கிரயத் தொகையில் அதைக் கழித்துக்கொண்டு நீங்களே கட்டுவதுதான் பத்திரமான வழி.

அடுத்து, கிணற்றுமேட்டுக்குப் போய் மோட்டாரைப் பாருங்கள். கார்டில் 5 எச்பி என்று இருக்கும், தகரக் கொட்டகைக்குள் ஏழரை எச்பி ஓடிக்கொண்டிருக்கும். கிணறு வற்றியபின் போர்வெல் போட்டு, வயரை இழுத்து மோட்டாரை அங்கே இறக்கியிருப்பார்கள். நம் பக்கம் தண்ணீர் போன ஆழத்துக்கு இது சாதாரணம். ஆனால் வாரியத்தின் பதிவில் சர்வீஸ் இருப்பது பழைய கிணற்றின் புல எண்ணில்தான். போர்வெல் இருக்கும் இடம் வேறு புல எண்ணாகவும், அந்த எண் உங்கள் கிரயத்தில் வராததாகவும் இருந்தால், நீங்கள் வாங்கும் பூமியில் வாரியக் கணக்குப்படி சர்வீஸே இல்லை. இடமாற்றத்துக்கு முறையாக அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். வாங்கவில்லை என்றால், அவர் பெயரில் இருக்கும்போதே அவரை விண்ணப்பிக்கச் சொல்லி, இடமாற்ற உத்தரவு கைக்கு வந்தபின் கிரயத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்ற மனுவை விசாரிக்க வரும் ஊழியர் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

விவசாய இணைப்பைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்றால், அது தவறிப்போனால் புதிதாக விண்ணப்பித்துப் பதிவு மூப்பு வரிசையில் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். தோட்டத்தின் விலையில் ஒரு பங்கு அந்த சர்வீஸுக்குத்தான் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

பத்திரத்தில் சர்வீஸ் நம்பர் இல்லாவிட்டால்

கிரயப் பத்திர வாசகத்தில் பூமி, வீடு, கிணறு எல்லாம் இருக்கும். சர்வீஸ் நம்பரை எழுத்தர் விட்டுவிடுவார், அல்லது "மின் இணைப்பு உள்பட" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். அந்த ஒரு சொல்லை வைத்து எந்த இணைப்பு என்று செக்‌ஷனில் முடிவுசெய்ய முடியாது. சொத்து விவரத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"மேற்படி பூமியில் அமைந்த ஓட்டு வீடும், அதற்குண்டான மின் இணைப்பு எண் (முழு எண்) அதன் டெபாசிட் தொகை சகிதமும், மேற்படி க.ச. எண் (புல எண்) பூமியில் உள்ள கிணற்றில் சரிபாதி பாகமும், அதில் பொருத்தப்பட்டுள்ள 5 எச்பி மின் மோட்டார் பம்புசெட்டிலும், அதற்குண்டான விவசாய மின் இணைப்பு எண் (முழு எண்) அதன் டெபாசிட் தொகை சகிதம் சரிபாதி பாத்தியமும், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் உரிமையும் உள்பட."

இதில் "டெபாசிட் தொகை சகிதம்" என்ற சொற்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இணைப்புக்காகக் கட்டிய காப்புத் தொகை பழைய பெயரில் வாரியத்திடம் இருக்கிறது. அதை உங்களுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுத்து இல்லாவிட்டால், இன்றைய விகிதப்படி புதிதாக டெபாசிட் கட்டச் சொல்ல வாரியத்துக்கு இடம் உண்டு. விற்பவர் அந்தப் பணத்தைத் தனியாகக் கேட்டால், கிரயத் தொகையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்காகச் சம்மதக் கடிதம் கிடைக்காமல் போய்விடக் கூடாது.

பத்திரம் ஏற்கெனவே பதிவாகி, அதில் எண் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். விற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தில் முழு எண்ணும் புல எண்ணும் இருந்தால் அந்தக் குறையைச் சரிக்கட்டலாம். அந்தக் கடிதம் போதாத நிலையில்தான் பிழைத்திருத்தல் பத்திரம் வரைக்கும் யோசிக்க வேண்டிவரும், அதற்கும் விற்றவருடைய கையெழுத்து வேண்டும்.

கிரய நாளன்றே வாங்க வேண்டிய கையெழுத்துகள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் கூடியிருக்கும் அந்த நாள் போல மறுபடி ஒரு நாள் அமையாது. அன்றைக்கே இவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள்.

விற்பவரிடமிருந்து இரண்டு சம்மதக் கடிதங்கள், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்று. ஒரே கடிதத்தில் இரண்டு எண்களையும் எழுதினால் இரண்டு கோப்பில் ஒன்றுக்கு நகல்தான் மிஞ்சும். அவருடைய ஆதார் நகலில் கையெழுத்து, இரண்டு இணைப்பின் கார்டுகள், கடைசியாகக் கட்டிய ரசீது ஆகியவற்றையும் வாங்குங்கள். வாரியம் இப்போது நடைமுறையை எளிதாக்கிக்கொண்டு வருகிறது, வீட்டு இணைப்புக்குப் பல செக்‌ஷன்களில் கிரயப் பத்திரம் இருந்தாலே சம்மதக் கடிதம் கேட்பதில்லை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் கோப்பில் கிடந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா பெயரில் உள்ள கிணற்று இணைப்புக்காக அவருடைய இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் மூன்றும் வேண்டும். பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால், வாரிசுகள் எல்லோரும் அதில் கையெழுத்திட்டிருப்பதால் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியிருக்காது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டவர்கள் என்றால், வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் விற்பவராகச் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளை விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமான பிழை. வாரிசுச் சான்றில் பெயர் இருந்தால் அவருடைய கையெழுத்தும் வேண்டும்.

இனி அண்ணனின் சம்மதம். பொது சர்வீஸை உங்கள் ஒருவர் பெயருக்கு மாற்ற அவர் தயங்குவது நியாயமே. பெயர் மாறியபின் நாளைக்கு நீங்கள் சர்வீஸை ஒப்படைத்துவிட்டாலோ, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாலோ அவருடைய காடு காய்ந்துவிடும். "கையெழுத்துத்தானே" என்று வற்புறுத்துவதைவிட, அந்தப் பயத்துக்கு எழுத்திலேயே பதில் கொடுப்பது நல்லது. அண்ணனும் நீங்களும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: சர்வீஸ் உங்கள் பெயரில் இருக்கும், பாத்தியம் இருவருக்கும் சரிபாதி, முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை, மோட்டார் ரிப்பேர் செலவில் ஆளுக்கு எவ்வளவு, ஒருவர் சம்மதமின்றி மற்றவர் இடமாற்றமோ ஒப்படைப்போ செய்யக்கூடாது. இதைப் பதிவும் செய்துவிட்டால் இருவரின் வாரிசுகளுக்கும் பிற்காலத்தில் ஆதாரமாக இருக்கும். அதன் பேரில் அவர் வாரியத்துக்குத் தனியாக ஒரு சம்மதக் கடிதம் கொடுப்பார். முறைத் தண்ணீர்த் தகராறில் வாரியம் தலையிடாது, ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும்தான்.

அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது என்று எண்ணித்தான் விலை பேச வேண்டும். தண்ணீர் உரிமை பத்திரப்படி உங்களுக்கு உண்டு. ஆனால் எச்பி கூட்டுவது, இடம் மாற்றுவது எதுவும் உங்கள் கையில் இருக்காது.

பெயரில் உள்ள ஒட்டும் எழுத்துப் பிழையும்

பழைய விவசாயக் கார்டுகளில் பெயரோடு சாதி ஒட்டும் இருக்கும், இறப்புச் சான்றிலும் ஆதாரிலும் அது இருக்காது. இனிஷியல் ஒன்றில் ஊர்ப் பெயருக்கு, இன்னொன்றில் அப்பா பெயருக்கு. ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஓர் எழுத்து மாறியிருக்கும். உங்களுக்கு ஒரே ஆள் என்று தெரியும், கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு ஆள். இருவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்றும், விற்பவரிடமிருந்து நோட்டரி முன் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழியும் வாங்கிக் கோப்பில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். திருப்பி அனுப்பியபின் தேடினால் இரண்டு மூன்று வாரம் வீணாகும்.

புல எண்ணிலும் இதே கதை. வாரியக் கார்டில் 214/2 என்று இருக்கும். உட்பிரிவு ஆனபின் உங்கள் பட்டாவில் 214/2பி என்று வரும். தாய் எண்ணிலிருந்து உட்பிரிவு ஆனதைக் காட்டும் பட்டா, புலப்பட நகல் இரண்டையும் சேர்த்து வையுங்கள். சிட்டா நகலை `eservices.tn.gov.in` தளத்திலும் வில்லங்கச் சான்றை `tnreginet.gov.in` தளத்திலும் எடுக்கலாம். விவசாய இணைப்புக்குக் கிணறும் பூமியும் உங்கள் அனுபவத்தில் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் கேட்பார்கள். அதில் புல எண், கிணற்றில் உங்கள் பாகம் இரண்டும் பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். "கிணறு உள்ளது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருத்தி வாங்கி வரச் சொல்வார்கள்.

மனு

வீட்டு இணைப்புக்கு வாரியத்தின் இணையதளத்தில் `Name Transfer` என்ற பகுதியில் விண்ணப்பிக்கலாம். இணைப்பு எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியைப் பதிந்து, உங்கள் ஆதார், கிரயப் பத்திரம், உங்கள் பெயருக்கு மாறிய வீட்டு வரி ரசீது இருந்தால் அது, சம்மதக் கடிதம் ஆகியவற்றை ஏற்றிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுகிறது; 2023 ஜூலையில் பெயர் மாற்றத்துக்கென்றே நடத்திய சிறப்பு முகாம்களில் வீட்டு இணைப்புக்கு ஜிஎஸ்டி சேர்த்து 726 ரூபாய் வாங்கினார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் திரையில் வரும் தொகையே சரியான தொகை. அதற்கு மேல் யாரும் ரொக்கமாகக் கேட்டால் ரசீது கேளுங்கள்.

பத்திரத்தை ஸ்கேன் செய்யும்போது முதல் பக்கத்தை மட்டும் ஏற்றுவது பலர் செய்யும் தவறு. சர்வீஸ் நம்பர் இருப்பது சொத்து விவரப் பக்கத்தில். அதைப் பார்க்காதவர் "இணைப்பு விவரம் இல்லை" என்று திருப்பிவிடுவார். எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து ஏற்றுங்கள்.

கிணற்று இணைப்புக்கு இணையத்தில் என்ன செய்தாலும், காகிதக் கோப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு செக்‌ஷனுக்கு நேரில் போவதே நல்லது. மூன்று கண்ணிகளையும் பொறியாளர் வரிசையாகப் பார்க்க வேண்டும். மனு இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (பெயர், தந்தை பெயர், முழு முகவரி, கைபேசி எண்)

பெறுநர்: உதவி மின் பொறியாளர் அவர்கள், இயக்கமும் பராமரிப்பும், (பிரிவின் பெயர்).

பொருள்: விவசாய மின் இணைப்பு எண் (முழு எண்) – கிரயத்தின் பேரில் பெயர் மாற்றம் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

மேற்கண்ட 5 எச்பி விவசாய மின் இணைப்பு, (ஊர்) கிராமம் புல எண் (எண்) பூமியில் உள்ள கிணற்றில், காலஞ்சென்ற (பெயர்) அவர்கள் பெயரில் உள்ளது. அன்னார் (தேதி) அன்று காலமானார். அவருடைய வாரிசுகள் பதிவு செய்துகொண்ட (ஆவண எண் / ஆண்டு) பாகப்பிரிவினைப் பத்திரப்படி மேற்படி கிணறு, மின் மோட்டார், மின் இணைப்பு ஆகியவை அவருடைய மகன்கள் இருவருக்கும் சரிபாதியாகப் பாத்தியப்பட்டன. அவர்களில் (விற்றவர் பெயர்) என்பவருடைய பாகத்தை நான் (ஆவண எண் / ஆண்டு) கிரயப் பத்திரப்படி வாங்கி அனுபவித்து வருகிறேன். மற்றொரு பாகஸ்தரான (பெயர்) அவர்கள் இந்த இணைப்பை என் பெயருக்கு மாற்றச் சம்மதித்துக் கடிதம் கொடுத்துள்ளார்.

இந்த இணைப்பு மேற்படி இடத்தில், அனுமதிக்கப்பட்ட மின்பளுவில், விவசாயத்துக்கு மட்டுமே பயன்பட்டு வருகிறது. நிலுவை ஏதும் இல்லை. எனவே மேற்படி இணைப்பையும் அதற்குண்டான டெபாசிட் தொகையையும் என் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: 1. கிரயப் பத்திரம், 2. பாகப்பிரிவினைப் பத்திரம், 3. இறப்புச் சான்று, 4. வாரிசுச் சான்று, 5. பட்டா, சிட்டா, புலப்படம், 6. கிராம நிர்வாக அலுவலர் சான்று, 7. விற்றவர் சம்மதக் கடிதம், 8. பாகஸ்தர் சம்மதக் கடிதம், 9. ஆதார், 10. மின் இணைப்பு அட்டை நகல்.

(இடம், தேதி, கையெழுத்து)

மனுவில் வரும் வரிசையிலேயே காகிதங்களையும் அடுக்குங்கள். "அனுமதிக்கப்பட்ட மின்பளுவில்" என்ற வரியை, கொட்டகையில் இருக்கும் மோட்டாரைப் பார்த்தபின் மட்டுமே எழுத வேண்டும். ஏழரை எச்பி ஓடும்போது 5 எச்பி என்று கையெழுத்துப் போட்டால், விசாரணைக்கு வந்தவர் கண்ணில் அது மனுதாரரின் பொய்யாகத்தான் தெரியும். உண்மையில் பளு கூடியிருந்தால் அதைச் சொல்லிக் கூடுதல் மின்பளுவுக்கும் சேர்த்து விண்ணப்பம் கொடுங்கள்.

மனுவின் இரண்டாம் பிரதியில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் ஆபீசை விட்டு வெளியே வராதீர்கள். இணையத்தில் கொடுத்தால் விண்ணப்ப எண் அதற்குச் சமம்.

விசாரணையும் அதில் தட்டும் இடங்களும்

வீட்டு இணைப்புக்கு ஆள் வராமலே முடிந்துபோவதும் உண்டு. வந்தால் பார்ப்பது, வீட்டு இணைப்பில் வீடுதான் இருக்கிறதா என்பதை. சாளையின் ஒரு பக்கத்தில் தறி போட்டிருந்தாலோ, ரோட்டோரமாகக் கடை வைத்திருந்தாலோ அதற்கு விகிதமே வேறு. விசைத்தறிக்குத் தனி விகிதமும் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசமும் இருக்கும்போது, அதை வீட்டு சர்வீஸில் ஓட்டுவது இரண்டு பக்கமும் நஷ்டம்.

விவசாய இணைப்பில் தட்டும் இடம் வேறு. கிணற்று வயரிலிருந்து சாளைக்கு லைட் எடுத்திருப்பார்கள், அல்லது தண்ணீரை லாரிக்கு விற்றுக்கொண்டிருப்பார்கள். இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும்தான் என்பதால் இரண்டுமே விதிமீறல், தண்டத் தொகை வரும். விற்றவர் செய்து வைத்ததென்றாலும் விசாரணை நாளில் உங்கள் இடத்தில் இருந்தால் அது உங்கள் தலையில் வந்து விடியும். மனுக் கொடுக்கும் முன்பே அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். பூமியை சைட் போடும் எண்ணத்தில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: விவசாயம் நின்ற பூமியில் அந்த இணைப்பும் நிற்காது. அந்த இடத்துக்கு உங்கள் பெயரில் மாற்றிக்கொண்டு பயன் இல்லை.

ஏழு நாள் கடந்தால்

முழு ஆவணங்களோடு கொடுத்த பெயர் மாற்ற மனுவை 7 நாளில் முடிக்க வேண்டும் என்பது மின் வழங்கல் செயல்திறன் விதிகளில் வைத்த கெடு. "முழு ஆவணங்களோடு" என்பதைக் கவனியுங்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் நாள் கணக்கு அதைக் கொடுத்த தேதியிலிருந்துதான் ஓடும். அதனால் குறை இருந்தால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாக ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காகிதம் கேட்பது அப்போது நின்றுவிடும்.

நகராவிட்டால் முதலில் உபகோட்ட உதவி செயற்பொறியாளரையும் அதற்கடுத்துக் கோட்டச் செயற்பொறியாளரையும் பாருங்கள். கோட்ட அலுவலகத்தில் மாதந்தோறும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கும், நாளிதழில் தேதி வரும். மனுப் பிரதியோடு அங்கே போனால் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே கோப்பு எடுக்கப்படும். மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதிந்து அதன் எண்ணையும் குறித்து வையுங்கள். அதற்கும் மேலே வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றமும், அதன் முடிவு திருப்தி இல்லை என்றால் சென்னையில் மின்சாரக் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள். ஏற்க மறுத்ததற்கான காரணம் எழுத்தில் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

பெயர் மாறியபின்

உத்தரவு வந்ததும் இணையதளத்தில் எண்ணைப் போட்டு, உங்கள் பெயர் பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியலைச் சரிபார்ப்பதும் அன்றைக்கே நடக்கட்டும். கைபேசி எண் இன்னும் விற்றவருடையதாக இருந்தால் பில் தொகையும் கடைசித் தேதியும் அவருக்குத்தான் போகும், நீங்கள் லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்க வரும்போதுதான் தெரிந்துகொள்வீர்கள். எண்ணை மாற்றக் கோருங்கள்.

2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை நடந்த ஆதார் இணைப்பில் விற்றவர் தன் ஆதாரைக் கொடுத்திருப்பார். பெயர் மாறினால் அதுவும் தானாக மாறிவிடும் என்று விட்டுவிடாமல், வீட்டு இணைப்பிலும் கிணற்று இணைப்பிலும் உங்கள் ஆதாரைப் பதியச் சொல்லுங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் விவசாயத்துக்கான இலவச மின்சாரமும் இந்த எண்களின் பேரில்தான் வருகின்றன.

பழைய கார்டைக் கிழித்துப் போட வேண்டாம். சம்மதக் கடிதங்கள், அண்ணனோடு எழுதிய ஒப்பந்தம், பெயர் மாற்ற உத்தரவு, கட்டிய ரசீது எல்லாவற்றையும் தாய்ப் பத்திரத்தோடு ஒரே கட்டில் வையுங்கள். நாளைக்கு அந்தத் தோட்டம் கைமாறும்போது வாங்குபவர் முதலில் கேட்கப்போவது இந்தக் கட்டைத்தான்.